ஓட்டையை இறுக்கினாலும் வாட்ச் கட்டைவிரல் பக்கம் சாய்கிறது: அளவை எங்கே எடுப்பது?

கேத்திவாசி | 6 ஜனவரி, காலை 7.20

அப்பாவுடைய பழைய எச்.எம்.டி. வாட்சுக்குப் புது லெதர் ஸ்ட்ராப் போட்டேன். அகலம் 18 மில்லிமீட்டர், சரியாக உட்கார்ந்தது. ஆனால் கையில் நிற்கவில்லை. காலையில் பனியில் தோட்டத்துக்கு இறங்கினால் டயல் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. வாட்சை ஒட்டிய கடைசி ஓட்டையில்தான் போட்டிருக்கிறேன், இதற்கு மேல் இறுக்க ஓட்டை கிடையாது. கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் மதியம் அதே ஓட்டை கையைக் கடிக்கிறது. ஒரு ஓட்டை தளர்த்தினால் வளையல் மாதிரி சுற்றுகிறது.

மணிக்கட்டை நூலால் அளந்தேன், 155 வந்தது. இந்த அளவை வைத்து எந்த ஸ்ட்ராப் வாங்க வேண்டும்?

மஞ்சூர் மணி | 6 ஜனவரி, காலை 9.05

லூசாக இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்ட்ராப்புக்கும் கைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் நழுவும். நடுவில் ஒரு ஓட்டை குத்திக்கொள்ளுங்கள், முடிந்தது. காம்பஸ் முனையைச் சூடு பண்ணிக் குத்தினால் சுத்தமாக வரும். நான் அப்படித்தான் செய்தேன்.

இல்லாவிட்டால் அகலத்தைத் திரும்பப் பாருங்கள். 18 இடத்தில் 16 போட்டாலும் ஆடும்.

அரவேணு அக்கா | 6 ஜனவரி, காலை 11.40

தம்பி, எனக்கு வளையல் அளவு 2-6. அதை வைத்து வாட்ச் செயின் எத்தனை கண்ணி என்று கணக்குப் போட முடியுமா? மகள் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்புகிறாள், கை அளவு கேட்கிறாள். எனக்குத் தெரிந்த கை அளவு அதுதான்.

பழைய பெஞ்ச், குன்னூர் | 6 ஜனவரி, இரவு 9.15

அக்காவுக்கு முதலில். வளையல் அளவு மணிக்கட்டின் அளவு இல்லை. 2-6 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கும். மில்லிமீட்டரில் 60 சொச்சம், சுற்றளவு 189 கிட்ட வரும். கையைக் குவித்து விரல் முட்டி வழியாக நுழைப்பதற்கான அளவு அது. மணிக்கட்டு அதைவிட எவ்வளவோ சின்னது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. அந்த நம்பரை அனுப்பினால் செயின் முழங்கை வரை போகும். காகிதத் துண்டால் மணிக்கட்டைச் சுற்றி அளந்து அனுப்புங்கள்.

இப்போது கேத்தித் தம்பிக்கு. இரண்டு கேள்வி கேட்கிறேன், பதில் தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

வாட்ச் கையைச் சுற்றித் திரும்புகிறதா, அல்லது விரல் பக்கமாக இறங்குகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி. இறங்கினால் மணியார் சொல்வது சரி, லூஸ்தான். சுற்றித் திரும்பினால் இறுக்கம் மட்டும் காரணமாக இருக்காது.

அடுத்தது, வாட்ச் நேராக இருக்கும்போது பக்கிள் எங்கே நிற்கிறது? உள்ளங்கைப் பக்கம் நடுவிலா, ஓரத்திலா?

நூலால் அளக்காதீர்கள். நூல் சதைக்குள் புதையும், எவ்வளவு இழுத்தோம் என்பதும் தெரியாது. ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் வெட்டி, மணிக்கட்டு எலும்புக்கு முழங்கைப் பக்கம், நீங்கள் வாட்ச் கட்டும் அதே இடத்தில் சுற்றுங்கள். காகிதம் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முனை சந்திக்கும் இடத்தில் பென்சில் கோடு போட்டு ஸ்கேலில் வையுங்கள்.

கேத்திவாசி | 7 ஜனவரி, காலை 6.50

சுற்றித்தான் திரும்புகிறது, இறங்கவில்லை. பக்கிள் நடுவில் இல்லை. டாக்டர் நாடி பிடிப்பாரே, அந்த இடத்தில் வந்து நிற்கிறது. இதுவரை கவனித்ததே இல்லை.

காகிதத்தில் 159. நூலுக்கும் இதற்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம்.

பழைய பெஞ்ச், குன்னூர் | 7 ஜனவரி, காலை 10.30

நினைத்தது சரி. இது நீளத்தின் பங்கீட்டில் உள்ள கோளாறு.

ஸ்ட்ராப் இரண்டு துண்டு. பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம், ஓட்டை உள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். இடது கையில் கட்டினால் குட்டைத் துண்டு சுண்டுவிரல் பக்கமாக இறங்கி, கைக்கு அடியில் வரும். அது உங்கள் கைக்கு நீளமாக இருந்தால் பக்கிள் நடுவைத் தாண்டிக் கட்டைவிரல் ஓரத்துக்குப் போய்விடும்.

கைக்கு அடிப்பக்கம் தட்டை, ஓரம் வளைவு. பக்கிள் இரும்பு, வளையாது. வளைவில் உட்கார்ந்த பக்கிள் கையை ஆட்டும்போதெல்லாம் தட்டையான இடத்தைத் தேடி நகரும். பக்கிள் அடியில் நடுப்பக்கம் வந்தால் மேலே டயல் அதே அளவு கட்டைவிரல் பக்கம் போகும். நீங்கள் திருப்பித் திருப்பி வைக்கிறீர்கள், அது திரும்பத் திரும்பப் போகிறது. இறுக்கினால் கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

ஸ்ட்ராப்பைக் கழற்றி இரண்டு துண்டையும் அளந்து சொல்லுங்கள். பக்கிள் துண்டை, பின் நுழையும் முனையிலிருந்து பக்கிள் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்தால் போதும், பக்கிளைச் சேர்க்க வேண்டாம். நீளத் துண்டில் பின் முனையிலிருந்து வாட்சை ஒட்டிய முதல் ஓட்டை எவ்வளவு தூரம், ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு. அப்புறம் வாட்சில் மேல் பின்னிலிருந்து கீழ்ப் பின் வரை, வாட்சின் முதுகுப் பக்கமாக.

மஞ்சூர் மணி | 7 ஜனவரி, மதியம் 1.10

என் கையில் பக்கிள் எங்கே நிற்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். ஓரத்தில்தான் நிற்கிறது. ஆனால் என் வாட்ச் நகரவே இல்லையே? இறுக்கினால் நிற்கும் என்பதைத்தானே நானும் சொன்னேன்.

பழைய பெஞ்ச், குன்னூர் | 7 ஜனவரி, மதியம் 2.00

மணியார் கை உருண்டையாக இருக்கும். உருண்டைக் கையில் பக்கிளுக்கு எந்த இடமும் ஒன்றுதான். தட்டைக் கைக்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

ஏரிக்கரை நடை | 7 ஜனவரி, மாலை 6.25

நானும் கேட்டுக்கொள்கிறேன். ஊட்டி ஏரியைச் சுற்றிக் காலையில் வேகமாக நடப்பேன். கையில் ஸ்மார்ட்வாட்ச், சிலிக்கான் பட்டை. சும்மா உட்கார்ந்தால் இதயத்துடிப்பு சரியாகக் காட்டுகிறது, நடந்தால் திடீரென்று 120, 125 என்று ஏறி அங்கேயே நிற்கிறது. எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பட்டை அளவு காரணமா, இல்லை எனக்கு ஏதாவது பிரச்சினையா?

பழைய பெஞ்ச், குன்னூர் | 7 ஜனவரி, இரவு 8.40

ஸ்மார்ட்வாட்ச் என் பெஞ்சுக்கு வராத பொருள், தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வெலிங்டன் ஓட்டக்காரி | 7 ஜனவரி, இரவு 10.05

ஏரிக்கரை அண்ணா, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் 120 கிட்ட வந்தால் வாட்ச் உங்கள் காலடியைத்தான் எண்ணுகிறது. அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. பட்டை தளர்ந்து ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் தோலிலிருந்து எழும்பி இறங்கினால், அந்த ஆட்டத்தை அது துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். குளிரில் இன்னும் மோசம். தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து உண்மையான துடிப்பு மங்கிவிடும், ஆட்டம் மட்டும் தெரியும்.

நான் ஓடும்போது மட்டும் எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி, வாட்ச் தனியாக அசையாத அளவுக்குக் கட்டுவேன். மேலே கை தடிமன் கூடும், அதனால் ஓட்டையும் மாறும். பழைய ஓட்டையிலேயே மேலே தள்ளினால் திரும்ப இறங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை தங்கித் தோல் சிவக்கும். ஆக, சுண்டுவிரல் கணக்கு இங்கே ஒத்துவராது.

உங்களுக்குப் பிரச்சினையா இல்லையா என்பதற்கு, நடந்து நின்றவுடன் நாடியைக் கையால் பிடித்து எண்ணிப் பாருங்கள். அதுவும் 120 என்றால் டாக்டரிடம் போங்கள்.

ஏரிக்கரை நடை | 8 ஜனவரி, காலை 8.15

எண்ணினேன். அடி 122, நாடி 96. வாட்ச் 123 என்று சாதிக்கிறது. இனி இதை அடி எண்ணும் வாட்ச் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேத்திவாசி | 8 ஜனவரி, இரவு 7.30

பெஞ்ச் ஐயா கேட்ட அளவு. பக்கிள் துண்டு 75. நீளத் துண்டு முழுசாக 120, அதில் வாட்சை ஒட்டிய ஓட்டை 53-இல். ஓட்டைக்கு ஓட்டை ஆறரை. வாட்சில் பின்னுக்குப் பின் 42.

கூட்டிப் பார்த்தேன்: 42, 75, 53. மொத்தம் 170. என் கை 159. 11 மில்லிமீட்டர் சும்மா தொங்குகிறதா? தொட்டுப் பார்த்தால் அவ்வளவு இடைவெளி இல்லையே.

பழைய பெஞ்ச், குன்னூர் | 8 ஜனவரி, இரவு 9.50

தொங்கவில்லை. காகிதத்துக்குத் தடிமன் இல்லை, ஸ்ட்ராப்புக்கு உண்டு. தோலை ஒட்டிய உள்வட்டத்தைவிட லெதரின் நடுவில் ஓடும் வட்டம் பெரிது. இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள லெதர் முழு வட்டம் சுற்றினாலே 8 மில்லிமீட்டர் சாப்பிட்டுவிடும். உங்கள் சுற்றில் கால் பங்கு வாட்ச், அதனால் கொஞ்சம் குறையும். இதனால்தான் மணிக்கட்டு அளவை மட்டும் வைத்து ஸ்ட்ராப் வாங்க முடியாது. கடையில் கைக்குச் சுற்றிப் பார்த்துக் கொடுப்போம், நம்பர் கேட்க மாட்டோம்.

வீட்டில் செய்ய ஒரு வழி உண்டு. ஸ்ட்ராப்பை வாட்சில் மாட்டிக் கையில் கட்டுங்கள், ஆனால் பக்கிளின் நாக்கை ஓட்டையில் போடாதீர்கள். நீளத் துண்டைப் பக்கிளுக்குள் விட்டு, கைக்கு இதமான இறுக்கத்தில் பிடித்து, செல்லோடேப் சுற்றிவிடுங்கள். அரை மணி நேரம் அப்படியே வேலை பாருங்கள். உறுத்தாமல் நின்றால், நாக்கின் நுனி லெதரில் படும் இடத்தில் புள்ளி வையுங்கள். பின் முனையிலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள தூரம்தான் உங்களுக்கு வேண்டிய நம்பர். காலையில் கேத்தியில் ஒரு தடவை, மதியம் மேட்டுப்பாளையத்தில் ஒரு தடவை எடுங்கள்.

மஞ்சூர் மணி | 8 ஜனவரி, இரவு 10.10

கைக்கு வாட்ச் கட்டச் சொன்னால் பார்சல் கட்டச் சொல்கிறார்.

கேத்திவாசி | 10 ஜனவரி, இரவு 8.00

பார்சல் கட்டியாயிற்று. மண்டியில் எல்லாரும் கையில் என்ன காயம் என்று கேட்டார்கள்.

காலையில் புள்ளி 50-இல், மதியம் 55-இல். காகிதத்திலும் மேட்டுப்பாளையத்தில் 164 வந்தது, காலையைவிட 5 கூடுதல். ஒரே கை, ஒரே நாள்! மூட்டை இறக்கி முடித்த கையோடு அளந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் சேர்ந்திருக்கலாம்.

பழைய பெஞ்ச், குன்னூர் | 11 ஜனவரி, காலை 9.20

சேரும். குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் சுருங்கும், வெயிலில் விரியும். கையைத் தொங்கவிட்டு வேலை செய்தாலும் வீங்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ஒன்றரை ஆயிரம் மீட்டர் கீழே போகிறோம், சூடு சொல்ல வேண்டியதில்லை. மலையில் காலையில் அளந்து வாங்கியவர்கள் கோயம்புத்தூர் போய்விட்டு வந்து ஸ்ட்ராப் சுருங்கிவிட்டது என்று சண்டை போட்டிருக்கிறார்கள். லெதர் அவ்வளவு சீக்கிரம் சுருங்காது.

இப்போது உங்கள் கணக்கு. காலையில் மொத்தச் சுற்று 42, 75, 50 சேர்ந்து 167. மதியம் 172. உங்களிடம் இருப்பது 170, அடுத்தது 176 அரை. அதாவது காலைக்கு வேண்டிய ஓட்டை உங்கள் ஸ்ட்ராப்பில் இல்லவே இல்லை, வரிசை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. மதியத்துக்கு ஒன்று இறுக்கம், அடுத்தது தளர்ச்சி.

பங்கீட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் 75, மறுபக்கம் 50. வித்தியாசத்தில் பாதி, பன்னிரண்டரை மில்லிமீட்டர், பக்கிள் நடுவிலிருந்து தள்ளி நிற்கிறது. நாடிக்கு மேல் உட்கார்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

75-க்கு பதிலாக 65 பக்கிள் துண்டு போடுங்கள். 10 குறைவதால் ஓட்டை காலைக்கு 60-இலும், மதியத்துக்கு 65-இலும் வேண்டும். உங்கள் நீளத் துண்டில் 53-க்கு அடுத்தது 59 அரை, அதற்கு அடுத்தது 66. இரண்டும் கிட்டத்தட்ட பொருந்துகிறது. காலையில் ஒரு ஓட்டை, மலை இறங்கினால் அடுத்த ஓட்டை. பக்கிளும் நடுவுக்கு மூன்று மில்லிமீட்டருக்குள் வந்துவிடும்.

மஞ்சூர் மணி | 11 ஜனவரி, காலை 10.00

இத்தனைக்கும் பதில் நடுவில் ஒரு ஓட்டை குத்தியிருந்தால்?

பழைய பெஞ்ச், குன்னூர் | 11 ஜனவரி, காலை 10.45

நாலு வரி மேலே படிக்கவும். அவருக்கு 50-இல் ஓட்டை வேண்டும், 53-இல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஓட்டையே 2 மில்லிமீட்டர் என்றால் நடுவில் மிஞ்சும் லெதர் 1 மில்லிமீட்டர். லோடு இறக்கும் கையில் அது மழை வருவதற்குள் கிழிந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படியே தாங்கினாலும் பக்கிள் நாடி மேலேதான் நிற்கும்.

மஞ்சூர் மணி | 11 ஜனவரி, காலை 11.00

நான் குத்தியது இன்னும் கிழியவில்லை.

பழைய பெஞ்ச், குன்னூர் | 11 ஜனவரி, காலை 11.05

உங்களுடையது ரெக்சினா, லெதரா?

மஞ்சூர் மணி | 11 ஜனவரி, மதியம் 12.30

கடைக்காரன் லெதர் என்றுதான் சொன்னான்.

கேத்திவாசி | 14 ஜனவரி, மாலை 5.40

குட்டை ஸ்ட்ராப் தேடி அலைந்தேன். கடையில் கேட்டால் லேடீஸ் ஸ்ட்ராப் எடுத்துக் கொடுக்கிறார்கள், அகலம் 12, 14. ஆன்லைனில் 18 அகலம் என்று போடுகிறார்கள், நீளத்தைப் போடுவதில்லை. போட்டிருந்தாலும் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரே எண். 195 என்றால் 75-உம் 120-உம் சேர்ந்ததா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? ஒருவரிடம் கேட்டேன். "எல்லா மணிக்கட்டுக்கும் பொருந்தும் சார்" என்று பதில் வந்தது.

வெலிங்டன் ஓட்டக்காரி | 14 ஜனவரி, மாலை 6.30

பின்னல் நைலான் பட்டை பாருங்கள் அண்ணா. ஓட்டையே கிடையாது, பின்னலுக்கு நடுவில் நாக்கு எங்கே வேண்டுமானாலும் நுழையும். கணக்கே தேவையில்லை. ஆனால் வாட்சுக்கு அடியிலும் ஓடும் ஒற்றைப் பட்டையாக இருந்தால் அந்தத் தடிமனும் சேரும், வாட்ச் கொஞ்சம் உயர்ந்து உட்காரும். ஸ்வெட்டர் கைக்குள் நுழைக்கும்போது தெரியும்.

கேத்திவாசி | 14 ஜனவரி, இரவு 7.15

நல்ல யோசனைதான், ஆனால் அப்பா வாட்ச். அவர் லெதர்தான் கட்டினார்.

பழைய பெஞ்ச், குன்னூர் | 14 ஜனவரி, இரவு 9.00

சேர்ந்த எண் 180-க்குள் இருந்தால் குட்டை வகை, 65-உம் 110-உம் போல இருக்கும். ஆனால் துண்டுக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள். 70 பக்கிள் துண்டு வந்தால் பாதிதான் தீரும்.

இல்லையென்றால் ஒரு நாள் குன்னூர் வாருங்கள். ஒற்றைத் துண்டுகள் ஒரு டிராயர் நிறைய வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கிழிந்தவர்கள் மறுபக்கத்தை விட்டுப் போனது. 18-இல் 65 பக்கிள் துண்டு இருக்கும். நிறத்துக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

கேத்திவாசி | 19 ஜனவரி, இரவு 8.20

போய் வந்தேன். நீளத் துண்டு கறுப்பு, பக்கிள் துண்டு காப்பிக் கொட்டை நிறம். வீட்டில் சிரிக்கிறார்கள். டயல் நேராக நிற்கிறது. பக்கிள் அடியில் நடுவில்.

காலை ஓட்டை சொன்னபடியே. மதிய ஓட்டை கொஞ்சம் தளர்ச்சி, கணக்கில் 1 மில்லிமீட்டர் கூட இருந்ததே, அதுதான். கையைத் தொங்கவிட்டால் கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் திரும்பவில்லை. இது பொறுத்துக்கொள்ளலாம்.

அரவேணு அக்கா | 20 ஜனவரி, காலை 11.00

காகிதம் வைத்து அளந்து அனுப்பினேன் தம்பி, 148. செயின் வந்துவிட்டது, பெரிதாக இருக்கிறது. கண்ணி எடுக்க வேண்டுமாம். எந்தப் பக்கம் எடுப்பது?

பழைய பெஞ்ச், குன்னூர் | 20 ஜனவரி, மதியம் 3.30

மேலே தம்பிக்குச் சொன்ன அதே நியாயம். பூட்டு கைக்கு அடியில் நடுவில் வர வேண்டும், அதனால் இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள். ஒற்றைப்படையாக வந்தால் வாட்சைக் கட்டிப் பார்த்து, பூட்டு எந்த ஓரத்துக்குத் தள்ளி நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கூடுதலாக ஒன்றை எடுங்கள். ஒரு கண்ணி எடுத்தால் இறுக்கம், விட்டால் தளர்ச்சி என்றால் பூட்டின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். பின்னை அதில் ஒன்று நகர்த்தினால் கண்ணியைவிடக் குறைந்த அளவில் மாறும்.

கண்ணியின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் தட்டினால் பின் வெளியே வரும், மாட்டும்போது எதிர்த்திசையில். செயினை லெதர் மாதிரி இறுக்காதீர்கள். லெதர் கொஞ்சம் கொடுக்கும், செயின் கொடுக்காது. மதிய வீக்கத்துக்கு இடம் வேண்டும்.

கேத்திவாசி | 17 ஜூலை, இரவு 9.10

பழைய இழையைத் தோண்டுகிறேன். மழை ஆரம்பித்ததிலிருந்து லெதரில் வெள்ளைப் பூசணம். துடைத்தால் போகிறது, நாலு நாளில் வருகிறது. அதோடு காலை ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது, நாக்கு அதில் ஆடுகிறது. டயல் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் வாட்ச் கை பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு ஓட்டை உள்ளே போட்டால் கடிக்கிறது.

பழைய பெஞ்ச், குன்னூர் | 18 ஜூலை, காலை 9.40

ஈர லெதர் இழுபடும், ஓட்டை நீண்டால் மொத்தச் சுற்றும் கூடும். இப்போது இருப்பது உண்மையான லூஸ், மணியாருக்குப் பிடித்த வகை. இரவில் கழற்றி, அடுப்பு பக்கம் வைக்காமல், காற்றில் தொங்கவிடுங்கள். அடுப்புச் சூட்டில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். நீண்ட ஓட்டை திரும்பச் சுருங்காது. நீளத் துண்டை மாற்ற வேண்டியதுதான்.

மஞ்சூர் மணி | 18 ஜூலை, காலை 10.15

என் ரெக்சினுக்குப் பூசணம் பிடிப்பதில்லை.

வெலிங்டன் ஓட்டக்காரி | 18 ஜூலை, மதியம் 1.00

மழை முடியும் வரைக்காவது நைலான் போடுங்கள் அண்ணா.

கேத்திவாசி | 18 ஜூலை, இரவு 8.30

யோசிக்கிறேன். பெஞ்ச் ஐயா, டிராயரில் காப்பிக் கொட்டை நிறத்தில் 18 அகலத்துக்கு நீளத் துண்டு இருக்கிறதா? முதல் ஓட்டை 53-இல் இருக்க வேண்டும், 47-இல் இருந்தாலும் சரி.